மகனுக்குக் குரல் உடைகிறதா, தொண்டை கெட்டுவிட்டதா? ஏழு கிழமையாகக் கரகரப்பு

உப்புவெளி அம்மா | ஜூன் 8

எல்லோருக்கும் வணக்கம். என் மூத்தவனுக்குப் பதினாலரை வயது. தைப்பொங்கல் கழிந்த கையோடு குரல் உடையத் தொடங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே கீச்சென்று மேலே போகும், பிறகு தகப்பனின் குரல் மாதிரி கீழே விழும். தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். அது எனக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை, என் தம்பிமாருக்கும் இப்படித்தான் இருந்தது.

ஆனால் சித்திரைப் புத்தாண்டு சொஃப்ட்போல் மச் முடிந்து வந்த நாளிலிருந்து குரல் வேறு மாதிரி. கீச்சும் இல்லை, கட்டையும் இல்லை. ஒரே கரகரப்பு. சாக்குக்குள் இருந்து பேசுவது போல ஒரு சத்தம். பின்னேரம் ரியூசனால் வந்தால் "அம்மா, தண்ணி" என்று சொல்வதில் "ணி" காற்றாகத்தான் வருகிறது. இன்றோடு ஏழு கிழமை. ஒரு டொக்டரிடம் காட்டினேன். வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும்" என்று ஐந்து நாளுக்கு மாத்திரை தந்து அனுப்பினார். மாத்திரை முடிந்தது, குரல் அப்படியே இருக்கிறது.

இன்னும் பொறுத்துப் பார்ப்பதா, எங்காவது கொண்டு போவதா?

மூதூர் மாமி | ஜூன் 8

பிள்ளை, இது டொன்சில். என் பேரனுக்கும் போன வருடம் இதேதான். ஐஸ் தண்ணீரை நிறுத்துங்கள். அதிமதுரத் துண்டொன்றை வாயில் அடக்கச் சொல்லுங்கள், மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுங்கள். மூன்று நாளில் குரல் திறக்கும்.

உப்புவெளி அம்மா | ஜூன் 8

மாமி, காய்ச்சலும் இல்லை, விழுங்க நோவும் இல்லை. மல்லித்தண்ணீர் மூன்று கிழமை கொடுத்துப் பார்த்தாயிற்று. அவனுக்கு அதன் மணமே இப்போது வெறுத்துவிட்டது.

கோணமலைப் பண் | ஜூன் 9

நான் முப்பது வருடமாகப் பண்ணிசை படிப்பிக்கிறேன். இதற்கு எங்கள் பக்கம் மகரக்கட்டு என்று பெயர். ஐந்து கட்டையில் தேவாரம் பாடிக்கொண்டிருந்த பையன் ஒரு வருடத்தில் ஒரு கட்டைக்கு இறங்கிவிடுவான். அந்தக் காலத்தில் குரலைத் தொடவே கூடாது. பாட்டும் வேண்டாம், சத்தமும் வேண்டாம், ஒரு வருடம் மௌனம். அதை மீறிப் பாடிய என் மாணவன் ஒருவன் இன்று வரைக்கும் மேல் ஸ்தாயிக்குப் போக முடியாமல் இருக்கிறான். கரகரப்பும் மகரக்கட்டின் ஒரு பாகம்தான், அம்மா பயப்பட வேண்டியதில்லை.

கிண்ணியாக்காரன் | ஜூன் 9

இதே பிரச்சினை எனக்கும். மகனுக்கு 13. மத்ரசாவில் பாங்கு சொல்ல அவனைத்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு நல்ல குரல். இப்போது "ஹய்ய" என்று இழுக்கும் இடத்தில் குரல் இரண்டாக உடைகிறது. பையன் வெட்கத்தில் இனிச் சொல்ல மாட்டேன் என்று நிற்கிறான். இதை நிறுத்த ஏதாவது மருந்து இருக்கிறதா? எத்தனை நாளைக்கு இப்படி?

குரல்நாண் | ஜூன் 9

நான் பேச்சுச் சிகிச்சையாளர். ஊர் திருகோணமலைதான், வேலை வெளியூரில். இங்கே இரண்டு வேறு விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் கிண்ணியாக் காக்காவுக்கு. உங்கள் மகனுடையது சுத்தமான குரல் உடைவு, மருந்து தேவையில்லை. குரல் நாண்கள் இரண்டும் ஒரு சென்டிமீட்டர் சொச்சத்திலிருந்து ஒன்றரைக்கும் மேலே குறுகிய காலத்தில் நீள்கின்றன, தடிக்கவும் செய்கின்றன. சின்ன வயதில் செக்கனுக்கு 250 தடவை போல அதிர்ந்தவை 120 பக்கம் இறங்குகின்றன. மூளையோ இன்னும் பழைய நீளத்தை நினைத்துக்கொண்டுதான் தசையை இழுக்கிறது. கணக்குப் பிழைக்கும் இடத்தில்தான் கீச் என்று பாய்கிறது. பாங்கில் இழுக்கும் இடம் மேலே ஏறும் இடம் என்பதால் அங்கே உடைகிறது. கீழே இறக்கிச் சொல்லச் சொல்லுங்கள், உடைவது குறையும். மோசமான காலம் பெரும்பாலும் சில மாதம், முழுதாக நிலைக்க ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு உடைவுக்கு நடுவில் குரல் எப்படி இருக்கிறது? தெளிவாக இருந்தால் அது வயது.

இனி உப்புவெளி அம்மா. நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடிபட்டது "கீச்சும் இல்லை, கட்டையும் இல்லை, ஒரே கரகரப்பு" என்ற இடம். குரல் உடைவு வந்து வந்து போகும். ஏழு கிழமையாகத் தெளிவான ஒரு மணித்தியாலம்கூட இல்லையென்றால் அதை வயதின் தலையில் போட்டுவிட்டு இருக்க முடியாது. சில கேள்வி கேட்கிறேன்:

காலையில் எழும்பியவுடன் குரல் எப்படி? பின்னேரம் எப்படி? நித்திரையில் மூச்சு உள்ளே இழுக்கும்போது கீ என்று சத்தம் வருகிறதா? தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா? மச்சில் அவன் என்ன செய்தான், கழுத்தில் பந்து பட்டதா? இழுப்புக்கு இன்ஹேலர் ஏதும் பாவிக்கிறானா?

கோணமலைப் பண் | ஜூன் 9

மிஸ் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் குரல் இறங்கும் காலத்தில் எல்லாப் பையன்களின் குரலிலும் கொஞ்சம் காற்று கலக்கும். நான் வகுப்பில் கேட்காததா?

குரல்நாண் | ஜூன் 9

ஐயா, அது உண்மை. குரல்வளை வேகமாக வளரும்போது நாண்கள் பின்பக்கத்தில் முழுதாக மூடாமல் சின்ன இடைவெளி விடும், அதற்குள்ளால் காற்று ஒழுகும். அதனால்தான் இந்த வயதில் ஒரு தடவை குரலைக் கேட்டுவிட்டு யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. பெரியவர்களுக்கு நாங்கள் ஒரு சோதனை வைப்போம்: மேல் சுருதியில், மெல்லிய சத்தத்தில் "ஈ" சொல்லச் சொல்வது. நாணில் வீக்கம் இருந்தால் முதலில் வெறும் காற்று வரும், அப்புறம்தான் குரல் வரும். குரல் உடையும் பையனிடம் அந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் அவனுக்கு மேல் சுருதியே காணாமல் போயிருக்கும். ஆகவே குரலின் தன்மையைவிட அதன் போக்கைத்தான் பார்க்கிறேன். பாவித்தால் கூடுகிறதா, ஓய்வெடுத்தால் குறைகிறதா, கிழமைக்குக் கிழமை எந்தப் பக்கம் போகிறது என்று.

மௌனம் பற்றி மட்டும் உடன்பட மாட்டேன். ஒரு வருடம் வாய் மூடி இருந்த பையன் புதிய குரலைப் பழகாமலே இருப்பான். சிரமமில்லாத சுருதிக்குள் பாடலாம். மேலே எட்டிப் பிடிக்கத்தான் கூடாது.

உள்துறைமுகம் 16 | ஜூன் 9

எனக்கு 16 வயது. அண்டி, உங்கள் மகனிடம் சொல்லுங்கள், வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் முதலில் ஒருக்கா மூச்சு விட்டுவிட்டு மெதுவாகத் தொடங்கச் சொல்லி. நான் தமிழ்ப் பாடத்தில் ஒருநாள் கோழி மாதிரிக் கத்திவிட்டேன், இரண்டு தவணைக்கு என் பெயர் "சேவல்".

உப்புவெளி அம்மா | ஜூன் 10

மிஸ், நேற்று இரவு முழுக்க அவனைக் கவனித்தேன். பதில் இதோ.

காலையில் முன்பு கொஞ்சம் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வீட்டில் இருந்தால் திங்கட்கிழமை குரல் திறந்திருக்கும். இப்போது இரண்டு கிழமையாக அதுவும் இல்லை. நித்திரையில் மூச்சுச் சத்தம் இல்லை, புரையும் ஏறவில்லை. கழுத்தில் பந்து படவில்லை. ஆனால் அவன்தான் விக்கெட் கீப்பர், கப்டனும் அவன்தான். கடற்கரைக் காற்றுக்கு எதிராக எல்லையில் நிற்பவனுக்குக் கத்த வேண்டும். மச் நாலு நாள் நடந்தது. அதற்குப் பிறகும் பின்னேரப் பயிற்சி தினமும். எந்த நேரமும் "க்கும், க்கும்" என்று தொண்டையைச் செருமுகிறான், நான் அதைப் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

இன்ஹேலர் இருக்கிறது. இரண்டு வருடமாக பிரவுண் நிறத்தது, காலையும் மாலையும். முன்பு ஸ்பேசர் வைத்து இழுப்பான். பெரியவனாகிவிட்டானாம், இப்போது நேரடியாக வாயில் அடிக்கிறான். அதற்கும் குரலுக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

குரல்நாண் | ஜூன் 10

இருக்கிறது. அது தடுப்பு இன்ஹேலர், ஸ்டீரொய்ட் மருந்து. ஸ்பேசர் இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு நெஞ்சுக்குப் போகாமல் தொண்டையில் படியும். அதுவே குரலைக் கரகரக்க வைக்கும், சில வேளை வெண்படையாகப் பூஞ்சையும் பிடிக்கும். ஆனால் தயவுசெய்து இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். இழுப்பு வந்தால் குரலைவிடப் பெரிய பிரச்சினை. ஸ்பேசரைத் திரும்ப எடுங்கள். ஒவ்வொரு தடவையும் அடித்த பிறகு தண்ணீர் கொப்புளித்து, தொண்டை வரைக்கும் கரகரவென்று அலசித் துப்பச் சொல்லுங்கள்.

ஆனாலும் என் சந்தேகம் கத்தலில்தான் அதிகம். நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதித்தான் குரல் வருகிறது. கத்தும்போது அந்த மோதல் பலமாகும். அதிரும் பாகத்தின் நடுவில்தான் அடி கூட விழும். வலை இழுக்கிறவரின் கையில் காய்ப்புப் பிடிக்கிற மாதிரி அந்த இடத்தில் இரண்டு பக்கமும் சின்னதாகத் தடிக்கும். தடித்த இடம் முதலில் முட்டிக்கொள்வதால் முன்னாலும் பின்னாலும் நாண் மூடாது, காற்று ஒழுகும், பிள்ளை இன்னும் அழுத்திப் பேசுவான், காய்ப்பு இன்னும் கூடும். செருமுவதும் ஒரு மோதல்தான். ஞாயிறு ஓய்வில் குரல் திறந்து பிறகு அதுவும் நின்றுபோனது என்கிறீர்களே, அது இந்தப் போக்கோடு பொருந்துகிறது.

இது என் ஊகம் மட்டும். வாயைத் திறந்து லைட் அடித்தால் குரல் நாண் தெரியாது, அது நாக்கின் அடிக்கும் கீழே இருக்கிறது. கமராவால்தான் பார்க்க வேண்டும். ஓ.பி.டியில் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போங்கள். தடிமலோடு வந்த தொண்டைக்கட்டு இரண்டு கிழமையில் போய்விடும். மூன்று நாலு கிழமை தாண்டினால் எந்த வயதென்றாலும் பார்ப்பதுதான் முறை. நீங்கள் ஏழில் நிற்கிறீர்கள்.

இடையில் மூச்சு உள்ளே இழுக்கும்போது சத்தம் கேட்டாலோ, மூச்சு முட்டினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, துப்பலில் இரத்தம் வந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்.

கிண்ணியாக்காரன் | ஜூன் 10

மிஸ், நீங்கள் சொன்னபடி இன்று மகனைக் கவனித்தேன். உடைவுக்கு நடுவில் குரல் கண்ணாடி மாதிரி. மனது ஆறியது. ஆனால் கீழே இறக்கிச் சொன்னால் பாங்கு மாதிரி இல்லையாம், சம்மதிக்கிறான் இல்லை.

நிலாவெளி ரோட் | ஜூன் 11

நான் வேறொரு கதை சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். எனக்கு இப்போது 34. பதினேழு வயதிலும் எனக்குக் குரல் உடையவேயில்லை. மீசை வந்துவிட்டது, தொண்டை மேடும் வந்துவிட்டது, குரல் மட்டும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையினுடையது. வீட்டுப் போனை எடுத்தால் எதிர்ப்பக்கம் "தங்கச்சி, அப்பாவைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். ஏ.எல் படிக்கும்போது வகுப்பில் வாயே திறப்பதில்லை. அம்மா நேர்த்திக்கடன் வைத்தார், அப்பா ஹோர்மோன் ஊசி போடலாமா என்று விசாரித்தார்.

கடைசியில் கொழும்பில் ஒரு சிகிச்சையாளரிடம் போனோம். அவர் செய்த முதல் வேலை, என்னை இருமச் சொன்னது. இருமினேன். "தம்பி, இந்த இருமல் யாருடையது?" என்று கேட்டார். அது ஆம்பிளை இருமல்! அப்போதுதான் நானே கவனித்தேன். பிறகு தொண்டை மேட்டில் விரலை வைத்து மெதுவாக உள்ளேயும் கீழேயும் அழுத்திக்கொண்டு "ஆ" சொல்லச் சொன்னார். என் வாயிலிருந்து யாரோ ஒரு பெரிய மனிதனின் சத்தம் வந்தது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டேன். ஐந்து தடவை போனதில் அந்தக் குரல் நிலைத்தது. வீட்டுக்கு வந்து பேசினபோது அம்மாச்சி யார் வந்திருப்பது என்று கேட்டார்.

இதைச் செய்ய எனக்குப் பதினேழு வயது வரை யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் கோபம்.

குரல்நாண் | ஜூன் 11

தம்பி, அழகாகச் சொன்னீர்கள். குரல்வளை வளர்ந்துவிட்டது, ஆனால் பழைய சுருதியை விட மனமில்லாமல் தசை அதை மேலே தூக்கியே பிடித்திருக்கும். இருமலும் சிரிப்பும் கட்டையாக வந்தால் கருவி சரி, வாசிப்புத்தான் பிழை. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்: பதினாலு வயது தாண்டியும் குரலோடு சேர்ந்து உடம்பு வளர்ச்சிக்கும் எந்த அறிகுறியும் இல்லையென்றால் அது குரல் பிரச்சினை இல்லை, டொக்டர் ஹோர்மோனைப் பார்க்க வேண்டும். உங்கள் கதை அது இல்லை, மீசை வந்திருந்ததே.

உப்புவெளி அம்மா | ஜூலை 2

இத்தனை நாளாக வராததற்கு மன்னிக்கவும். திகதி கிடைக்க மூன்று கிழமை ஆனது.

மூக்குக்குள் ஏதோ ஸ்பிரே அடித்து மரத்துப்போக விட்டு, இடியப்பச் சிக்கைவிடக் கொஞ்சம் தடித்த கறுப்புக் குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டார்கள். மகன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான், இரண்டு நிமிடம்கூட இல்லை. டொக்டர் எனக்கும் திரையில் காட்டினார். வெள்ளையாக இரண்டு நாடா, "ஈ" சொல்லும்போது கிட்ட வந்தன. இரண்டிலும் நேருக்கு நேரே அரிசிக் குறுநொய் அளவில் ஒரு தடிப்பு. அது ஒட்டிக்கொண்டது, அதற்கு மேலும் கீழும் இடைவெளி. மிஸ் எழுதின மாதிரியே. பூஞ்சை இல்லை, மரு மாதிரியும் ஒன்றும் இல்லை என்றார். அப்படி மரு வந்தால் மாதக் கணக்கில் குரல் மோசமாகிக்கொண்டே போய் மூச்சையும் அடைக்குமாம், அதைத்தான் முதலில் தேடினாராம்.

வெட்ட வேண்டியதில்லை, பேச்சுச் சிகிச்சைக்கு எழுதித் தந்தார். கத்தலா இன்ஹேலரா காரணம் என்று கேட்டேன். "இரண்டும் சேர்ந்திருக்கும், எது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது" என்றார்.

அவர்கள் கொடுத்த பயிற்சி ஒன்று வீட்டில் பெரிய வேடிக்கை. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு, ஸ்ட்ரோவின் நுனி இரண்டு விரற்கடை தண்ணீருக்குள் இருக்க, "ஊ" என்று குரலோடு குமிழி விட வேண்டும். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. செருமல் வந்தால் ஒரு மிடறு தண்ணீர். குசுகுசுவென்று பேசவும் கூடாதாம், அதுவும் தொண்டையை இறுக்குமாம். நான் இவ்வளவு நாளும் "சத்தம் போடாமல் குசுகுசுவென்று பேசடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்!

மூதூர் மாமி | ஜூலை 2

கமரா விடாமலே சுகமான பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள். சரி, பிள்ளைக்கு நல்லதுதானே நடந்தது. வெட்டவில்லையே, அம்மன் காப்பாற்றினாள்.

உள்துறைமுகம் 16 | ஜூலை 3

அண்டி, கப்டன் பதவி?

உப்புவெளி அம்மா | ஜூலை 3

அதுதான் வீட்டில் சண்டை. மகன் கீப்பிங்கை விட மாட்டேன் என்றான். சிகிச்சை மிஸ் ஒரு வழி சொன்னார்: கத்தாமல் கையுறையைத் தட்டிச் சைகை காட்டுவது, தூரத்தில் நிற்பவனுக்கு விசில். ஐம்பது ரூபாய்ப் பிளாஸ்டிக் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறான். அம்பயரும் விசில், இவனும் விசில், எதிர் ரீம் முறைப்பாடு செய்திருக்கிறதாம்.

உப்புவெளி அம்மா | செப்டம்பர் 14

பத்துக் கிழமை கழித்து நேற்றுத் திரும்பக் கமரா விட்டார்கள். இடது பக்கத் தடிப்புப் போய்விட்டது, வலது பக்கம் லேசாகத் தெரிகிறது. குரல் காலையில் தெளிவு, இரவு பத்து மணிக்குத்தான் கொஞ்சம் மங்கும். இன்னொரு விசேடம், உடைவு திரும்ப வந்துவிட்டது! போன கிழமை "அம்மா" என்று கூப்பிடும்போது கீச்சென்று மேலே போனது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. கரகரப்புக்குள் அது இவ்வளவு நாளும் ஒளிந்திருந்ததாம்.

மிச்சத் தடிப்பும் குரல்வளை வளர வளரக் கரையும் என்று டொக்டர் நம்புகிறார். அடுத்த திகதி தை மாதம்.

இனி ஐயாவிடம் ஒரு கேள்வி. வாணி விழாவுக்குப் பள்ளியில் சகலகலாவல்லி மாலை பாட வைக்கப் போகிறார்கள். பாடவிடலாமா?

கோணமலைப் பண் | செப்டம்பர் 14

என்னைக் கேட்டால் இந்த வருடம் வேண்டாம் என்பேன். என் மாணவனை நான் மறக்கவில்லை.

குரல்நாண் | செப்டம்பர் 15

ஐயாவின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் சிகிச்சை மிஸ் சம்மதித்தால் பாடட்டும், இரண்டு நிபந்தனையோடு: சுருதியை அவன் தீர்மானிக்க வேண்டும், மைக் இருக்க வேண்டும். பள்ளிகளில் பையன்களையும் பெண்பிள்ளைகளோடு ஒரே கட்டையில் பாட வைப்பார்கள், அதுதான் ஆபத்து.

கோணமலைப் பண் | செப்டம்பர் 15

அது நியாயம். அம்மா, அவனை ஒருநாள் பின்னேரம் கூட்டி வாருங்கள், எந்தக் கட்டை என்று நானே சுருதிப்பெட்டியில் பார்க்கிறேன். பாடுவது பற்றி அப்புறம் யோசிப்போம்.

உப்புவெளி அம்மா | செப்டம்பர் 17

போய் வந்தோம். ஒன்றரைக் கட்டை. இரண்டுக்கு வைத்தபோது மேலே ஒரு இடத்தில் உடைந்தது, ஐயாவே பெட்டியை இறக்கினார். முதல் பாட்டு மட்டும் அவன் தனியாக, மிச்சத்தைப் பெண்பிள்ளைகள் தங்கள் கட்டையில். விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று மட்டும் ஐயா சொல்லியிருக்கிறார்.

கிண்ணியாக்காரன் | செப்டம்பர் 17

மாஷா அல்லாஹ். என் மகன் நேற்று அஸருக்குப் பாங்கு சொன்னான், இறக்கித்தான். நடுவில் ஒரு இடம் உடைந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டு திரும்பிவிட்டார்.